46க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

பல் மருத்துவமனையில் என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் ‘மொழிபெயர்ப்பு’ என்று சொல்லிவிடுவேன். பாதி விளையாட்டு, பாதி உண்மை. டாக்டர் வாயைப் பார்த்து முடித்ததும் உள்ளங்கை அளவுச் சீட்டில் ஐந்தாறு வரி கிறுக்கித் தருவார். அதை வைத்து நான் ஒரு தாள் தயாரிக்க வேண்டும்: எந்தப் பல், என்ன வேலை, எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு ஆகும். நோயாளி அந்தத் தாளோடு வீட்டுக்குப் போய், வீட்டில் உள்ளவர்களோடு பேசி, முடிவெடுத்துத் திரும்பி வருவார். ஆறு வருடமாக இதைச் செய்கிறேன். நன்றாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் வந்த ஒரு சீட்டு அந்த நினைப்பைக் கெடுத்தது.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர். கீழே வலது பக்கம் கடித்தால் வலி. அதிலும் கடிக்கும்போது இல்லை, கடித்துவிட்டு வாயைத் திறக்கும் அந்த நொடியில்தான் சுருக்கென்கிறது என்றார். டாக்டர் தந்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:

46 ? – 8 – ஆர்சிடி, கோர், சிஆர்
17 எக்ஸ்ட்
எஸ்ஆர்பி
36 எம்ஓடி
35 – பிரி / இம்ப்

இதைப் பிரித்துப் படிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆர்சிடி என்றால் ரூட் கெனால், கோர் என்றால் அதற்கப்புறம் பல்லின் உள்ளே கட்டும் அடித்தளம், சிஆர் என்றால் கேப். எக்ஸ்ட் என்றால் பிடுங்குவது. எஸ்ஆர்பி என்பது ஈறுக்கு அடியில் வேர் வரை போய்ச் சுரண்டிச் செய்யும் ஆழமான க்ளீனிங். எம்ஓடி என்றால் பல்லின் முன்பக்கம், மேல்தளம், பின்பக்கம் மூன்றையும் சேர்த்து அடைக்கிற பெரிய ஃபில்லிங். 35 இருந்த இடம் காலி. பிரிட்ஜ் கட்டலாம், அல்லது தாடை எலும்பில் திருகு பதித்து இம்பிளான்ட் வைக்கலாம்.

எண்களைப் பார்த்ததும் அவர் கேட்ட கேள்வியைப் பலரும் கேட்பார்கள். “ஏம்மா, மொத்தமே 32 பல்லுதானே, 46 எங்கேர்ந்து வந்துச்சு?” அது நாற்பத்தாறு இல்லை, நாலு-ஆறு என்று சொல்லிக்கொடுத்தேன். வாயை நாலு கால்பகுதியாகப் பிரித்து, மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4 என்று எண் கொடுப்பார்கள். வலது, இடது எல்லாம் நோயாளியின் கைப்பக்கம்தான். அடுத்த எண், நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. அப்படிப் பார்த்தால் 46 கீழ் வலது முதல் பெரிய கடைவாய்ப்பல். 1 முதல் 32 வரை நேராக எண்ணிக்கொண்டு போகும் முறையும் சில இடங்களில் உண்டு. அந்த முறையில் 17 என்றால் கீழ் இடது ஞானப்பல். எங்கள் முறையில் மேல் வலது இரண்டாவது கடைவாய்ப்பல். பிடுங்கச் சொல்லும் வரியில் இந்த இரண்டும் குழம்பினால் என்ன ஆகும் என்று யோசித்த நாளிலிருந்து, எண்ணுக்குப் பக்கத்திலேயே பல்லின் பெயரையும் எழுதி, ஒரு வாய்ப்படத்தில் வட்டம் போட்டும் தருகிறேன்.

### அழகான தாள்

அன்றைக்கு நான் செய்த தாள் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஊருக்கு ஊர், மருத்துவமனைக்கு மருத்துவமனை தொகை மாறும் என்பதால் பணத்தைச் சொல்லாமல் ஓர் அளவு வைத்துக்கொள்கிறேன்: எங்கள் இடத்தில் ஒரு சாதாரண ஃபில்லிங்குக்கு ஆகும் செலவு 1. அந்தக் கணக்கில் ரூட் கெனால் 4, கோர் 1.5, கேப் 5. ஆக 46க்கு மட்டும் 10.5. 17ஐப் பிடுங்க 1. ஈறு வேலை 5. 36க்குப் பெரிய ஃபில்லிங் 1.5. 35க்கு, இரு பக்கத்துப் பற்களையும் பிடித்துக் கட்டும் மூன்று பல் பிரிட்ஜ் 15. மொத்தம் 33. மூன்று கட்டமாகப் பிரித்து, மூன்றுக்கும் ஏறக்குறைய சமமான தொகை வருகிற மாதிரி அமைத்துக் கொடுத்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “இவ்வளவு தெளிவா இதுவரை யாரும் சொன்னதில்லம்மா” என்றார். அன்று எனக்கு அது பெருமையாக இருந்தது.

சீட்டையும் தாளையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீட்டில் இருந்த இரண்டு விஷயங்கள் தாளில் இல்லை. ஒன்று, 46க்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறி. இன்னொன்று, அந்த 8. இரண்டுக்கும் விலை கிடையாது. விலை இல்லாத எதற்கும் என் அட்டவணையில் கட்டமும் கிடையாது. நான் எதையும் மறைக்கவில்லை; வைக்க இடமில்லாததால் இரண்டும் உதிர்ந்துவிட்டன.

ரூட் கெனால் செய்ய எங்கள் இடத்துக்கு வாரம் ஒருநாள் வேறொரு நிபுணர் வருவார். அவர் கையில் போனது நான் தட்டச்சு செய்த தாள்தான், சீட்டு இல்லை. 46ல் ஏற்கெனவே பெரிய பழைய ஃபில்லிங் ஒன்று இருந்தது. அதன் நடுவில் துளை போட்டு உள்ளே போய், இரண்டு முறையில் வேலையை முடித்துத் தற்காலிகமாக அடைத்துவிட்டார். அவரும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்பது வேறு கதை. அடுத்த வாரம் கோர் கட்டுவதற்காக எங்கள் டாக்டர் பழைய ஃபில்லிங்கை முழுதாக எடுத்தபோதுதான், முன்னிருந்து பின்னாக ஒரு விரிசல் பல்லின் உள்தளத்தையே குறுக்காக வெட்டிக்கொண்டு போவது தெரிந்தது. நீலச் சாயம் தடவியதும் மயிரிழை போல ஒரு கோடு எழுந்து நின்றது. தளம் பிளந்த கடைவாய்ப்பல்லுக்கு மேலே கேப் போட்டுப் பயனில்லை. பிடுங்கத்தான் வேண்டும்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, விரித்து, மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். “இதுல இப்படி ஆகலாம்னு ஒரு வரிகூட இல்லையேம்மா.” டாக்டர் என் மேசைக்கு வந்து, கோப்பில் இருந்த சீட்டைத் தேடி எடுத்து, ஒன்றும் பேசாமல் கேள்விக்குறியின் மேல் விரலை வைத்தார்.

அன்று மாலை அந்த 8க்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஆறு வருடத்தில் முதல் முறை கேட்கிறேன் என்பதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய அளவுக்கோலை இறக்கிப் பார்த்தால், நல்ல வாயில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. ஈறு நோய் இருந்தால் பல்லைச் சுற்றிப் பரவலாக 5, 6 என்று இறங்கும். இந்தப் பல்லில் சுற்றிலும் 3தான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஊசி நுழைகிற அகலத்தில் 8 இறங்கியது. குறுகலாகவும் ஆழமாகவும் ஒரே இடத்தில் இறங்கினால் அங்கே வேர் வரை விரிசல் இருக்கலாம் என்று அர்த்தம். கடியை விடும்போது வலிக்கிறது என்று அவர் சொன்னதும் அதையேதான் காட்டியது. எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. ஃபில்லிங்கை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆக அந்த வரியில் டாக்டர் சொன்னது ‘46க்கு ரூட் கெனால்’ அல்ல. ‘46ஐத் திறந்து பார், பல் தேறினால் ரூட் கெனால்’ என்பதுதான்.

### எங்கே நிறுத்தலாம்

கேள்விக்குறியைச் சேர்த்துவிட்டால் தாள் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதே சீட்டுக்குப் புதிய தாள் எழுத உட்கார்ந்தபோதுதான், சமமாகப் பிரித்த கட்டங்களும் தவறு என்று புரிந்தது. பணத்தை வைத்து வெட்டியிருந்தேன். கட்டம் என்பது பணம் தீர்ந்துபோனால் பாதுகாப்பாக நிற்கக்கூடிய இடத்தில் முடிய வேண்டும்.

வேலைக்கு வேலை இது மாறும். பல்லைப் பிடுங்கிவிட்டு ஆறு மாதம் நிறுத்தலாம். புண் ஆறிவிடும், காலி இடத்தால் உடனே ஆபத்து ஒன்றும் இல்லை. சொத்தையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடி அயனோமர் என்கிற இடைக்கால அடைப்பை வைத்துவிட்டும் சில மாதம் ஓட்டலாம். ஆனால் ரூட் கெனால் முடித்த கடைவாய்ப்பல்லைத் தற்காலிக அடைப்போடு விட்டுவிட்டு நிறுத்தக் கூடாது. சில வாரத்தில் அடைப்பு கசியும்; கிருமி திரும்ப உள்ளே போகும். அதோடு, உள்ளே குடைந்து மெலிந்த பல் கடியின் பாரத்தில் பிளக்கும். ரூட் கெனால், கோர், கேப் மூன்றும் ஒரே மூச்சில் முடிய வேண்டிய வேலை. நானோ கேப்பை மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளியிருந்தேன், தொகை சமமாக வர வேண்டுமே என்று! இதற்கு முன் எத்தனை பேருக்கு அப்படிப் பிரித்துக் கொடுத்தேன் என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வரிசைக்கும் காரணம் உண்டு. வலி முதலில், அது எல்லோருக்கும் தெரியும். அடுத்தது ஏன் ஈறு? வீங்கியிருக்கும் ஈறை வைத்துக் கேப்புக்கு அளவெடுத்தால் ரத்தம் கசிந்து அளவு சரியாக விழாது. அப்படியே விழுந்தாலும், பின்னால் ஈறு வற்றி இறங்கும்போது கேப்பின் விளிம்பு வெளியே தெரியும். அதனால் ஆழமான க்ளீனிங் முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எல்லாப் பற்களிலும் ஈறின் ஆழத்தை மறுபடி அளந்து பார்த்து, அப்புறம்தான் பிரிட்ஜ், இம்பிளான்ட் பேச்சுக்கே வர வேண்டும். ஈறு நோய் அடங்காத வாயில் இம்பிளான்ட் வைத்தால், பல்லைப் பிடித்த நோய் அதையும் பிடிக்கும். அந்த மறு அளவை நாள் என் பழைய தாளில் இல்லவே இல்லை. அதற்கும் தனி விலை கிடையாது, பாருங்கள்.

இன்னொரு தவறையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன். 36க்கு அழகான பெரிய ஃபில்லிங் 1.5 என்று ஒரு வரி. 35க்குப் பிரிட்ஜ் 15 என்று அடுத்த வரி. பிரிட்ஜைத் தாங்குவதே 34ம் 36ம்தான். இன்று பூசி மெருகேற்றிய பல்லைச் சில வாரத்தில் அரைத்துக் கேப்புக்குள் போடப்போகிறோம். இரண்டு வரியும் தனித்தனியே சரி. சேர்த்துப் படித்தால்தான் உதைக்கிறது. 35 பற்றி முடிவெடுக்கும்வரை 36க்கு வேண்டியது இடைக்கால அடைப்புதான்.

### இன்றைய தொகை

கடைசியில் அந்தச் சீட்டிலிருந்து வந்திருக்க வேண்டிய தாள் இப்படி அமைந்தது. முதல் கட்டத்தில் 46ன் பழைய ஃபில்லிங்கை முழுக்க எடுத்துப் பார்ப்பது, 1. ஆடிக்கொண்டிருந்த 17ஐப் பிடுங்குவது, 1. அத்தோடு நின்று ஒரு கேள்வி: பல் தேறுமா? தேறினால் ரூட் கெனாலில் மீதி 3, கோர் 1.5, கேப் 5; ஏற்கெனவே கட்டிய 1ஐச் சேர்த்தால் பழைய 10.5தான், ஒரு காசு கூடவில்லை. அந்தக் கேப்புக்காக அந்தப் பல்லின் ஈறை மட்டும் முன்கூட்டியே சுத்தம் செய்துவிடலாம். தேறாவிட்டால் பிடுங்க 2, ஆக 46க்கு 3. உண்மையில் நடந்தது என்ன? 4 கொடுத்து ரூட் கெனால் செய்தபிறகு பல் போயிற்று. பிடுங்கியதற்கு நாங்கள் வாங்கவில்லை, கேப்புக்காகக் கட்டியிருந்த முன்பணத்தையும் திருப்பிவிட்டோம். ஆனாலும் அந்த 4ம், நாற்காலியில் வாயைத் திறந்து கிடந்த மணிநேரங்களும் போனதுதான்.

இரண்டாம் கட்டத்தில் ஈறு வேலை 5, 36க்கு இடைக்கால அடைப்பு 1. பிறகு காத்திருப்பு, மறு அளவை. மூன்றாம் கட்டத்தில் 35க்கு மூன்று வழி. காலியாகவே விடலாம், அப்போது 36க்கு நிரந்தர ஃபில்லிங் 1.5 மட்டும். பிரிட்ஜ் என்றால் 15. இம்பிளான்ட் என்றால் அதன் கேப்போடு சேர்த்து 20, கூடவே 36க்கு அந்த 1.5.

எல்லாக் கிளையையும் கூட்டிப் பார்த்தால், 46ஐயும் பிடுங்கி 35ஐயும் காலியாக விடுகிறவருக்கு 11.5. 46 போய், இரண்டு இடத்திலும் இம்பிளான்ட் வைக்கிறவருக்கு 51.5. இதைக் காட்டியதும் டாக்டர் சிரித்துவிட்டார். “பதினொண்ணரையிலிருந்து ஐம்பத்தொண்ணரைன்னு எழுதிக் கொடுத்தா, ஆள் கதவைத் தாண்டினப்புறம் திரும்பியே பார்க்க மாட்டார்.” நியாயம்தான். 33 என்ற ஒற்றை எண்ணில் இருந்த நிம்மதி இதில் இல்லை. ஆனால் அந்த 33 மூன்று யூகங்களின் மேல் நின்றது: பல் தேறும், ஈறு அடங்கும், பிரிட்ஜைத்தான் அவர் தேர்ந்தெடுப்பார். மூன்றில் ஒன்றையும் நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை.

இரண்டு நாள் இதையே போட்டு உருட்டினேன். வெளியே வர உதவியது அவர் முதல் நாள் கேட்ட ஒரு சாதாரணக் கேள்விதான்: “இப்ப எவ்வளவு கொண்டு வரணும்?” மொத்தம் எவ்வளவு என்பது அவருக்கு அப்புறம்தான். எங்கள் தாளோ மொத்தத்தைத்தான் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தது. இப்போது கொட்டை எழுத்தில் வருவது அடுத்த கேள்வி வரைக்குமான தொகை மட்டும். அவருக்கு அது 2. அதன்கீழே, “இது முடிந்ததும் 46 தேறுமா என்று தெரிந்துவிடும், தேறினால் 9.5, தேறாவிட்டால் 2” என்று ஒரு வரி. மொத்தத்தின் வீச்சு பின்பக்கத்தில், எது எதனால் கூடுகிறது என்ற விளக்கத்தோடு இருக்கும். முன்பக்கத்தில் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ‘இங்கே நிறுத்தலாம்’ அல்லது ‘இங்கே நிறுத்தக் கூடாது’ என்று எழுதி, ஏன் என்பதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் இது பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஒரு அம்மா தாளைப் படித்துவிட்டு, “இந்த ஆனால், ஆகும், ஆகாவிட்டால் எல்லாம் வேண்டாம், ஒரு தொகை சொல்லுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு ஒரு தொகை சொன்னேன், அதிகபட்சத்தை. கூடவே, அது குறையக்கூடிய இடம் எது என்று வாயாலும் சொல்லி வைத்தேன்.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. தாளை அச்செடுக்கும் முன் சீட்டோடு டாக்டரிடம் போய் வரிவரியாகப் படித்துக் காட்டுவேன். விலை இல்லாத குறி ஒவ்வொன்றுக்கும் ‘இது என்ன?’ என்று கேட்பேன். இரண்டு வரி ஒரே பல்லைத் தொட்டால் ‘எது முதலில்?’ என்று கேட்பேன். ஐந்து நிமிடம் ஆகும். நெரிசலான நாளில் அந்த ஐந்து நிமிடத்துக்கு அவர் முகம் சுளிப்பதும் உண்டு.

46 போனவர் இப்போதும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஈறு பார்க்க வருகிறார். 35ம் 46ம் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. யோசித்துச் சொல்கிறேன் என்கிறார். அவருக்காகத் திருத்தி எழுதிய தாளின் மூன்றாம் கட்டம் பென்சிலில் இருக்கிறது.

போன வாரம் ஒரு சீட்டில் ‘26 ?’ என்று வந்தது. உஷாராகி, எழுந்துபோய், “டாக்டர், 26ல என்ன சந்தேகம், விரிசலா?” என்று கேட்டேன். சீட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சந்தேகமெல்லாம் ஒண்ணுமில்ல. அது 2. ரெண்டு பக்கம் ஃபில்லிங்.”